நாலு லட்சமா, பதினெட்டாயிரமா? இன்ஃப்ளூயன்சரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

வாட்டர்கலர் வண்ணப் பெட்டி தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாக ஓவியம் கற்பவர்களுக்கான பெட்டி. சொந்த நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புவார்கள். விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராமில் மூன்று பேரைப் பரிசீலிக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்த மாதிரி மூன்று கணக்குகள் இந்த வேலையில் இருப்பவர்களின் மேசைக்கு அடிக்கடி வரும்.

முதலாவது, பெரிய கணக்கு. பயணம், உடை, வீட்டு அலங்காரம், எப்போதாவது ஓவியம். இரண்டாவது, எந்தப் பதிவைத் திறந்தாலும் கமென்ட் குவிந்து கிடக்கும் கலகலப்பான கணக்கு. மூன்றாவது, வாட்டர்கலர் மட்டுமே சொல்லித் தரும் வகுப்புக் கணக்கு.

| | பெரிய கணக்கு | கலகலப்பான கணக்கு | வகுப்புக் கணக்கு |
|---|---|---|---|
| ஃபாலோயர்கள் | 4,00,000 | 22,000 | 18,000 |
| ஒரு பதிவுக்கு லைக் + கமென்ட் | 3,200 | 1,980 | 1,080 |
| ஃபாலோயரை வைத்து எங்கேஜ்மென்ட் | 0.8% | 9% | 6% |
| ஒரு பதிவின் ரீச் | 38,000 | 3,500 | 9,500 |

இவை கடைசி 12 பதிவுகளின் நடு மதிப்பு, அதாவது மீடியன். சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம். பன்னிரண்டில் ஒரு ரீல் திடீரென்று பரவியிருந்தால், அது மற்ற பதினொன்றின் நிலைமையை மறைத்துவிடும்.

ஃபாலோயர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் கணக்கை எடுப்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் எங்கேஜ்மென்ட் சதவீதத்தைப் பார்த்து இரண்டாவதை எடுப்பார். என் கணிப்பில், இந்த இரண்டாவது தவறுதான் இன்று அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அது புத்திசாலித்தனமான முடிவு போலவே தெரியும்.

கலகலப்பான கணக்கின் ரீச்சையும் லைக் + கமென்ட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். பதிவு போய்ச் சேர்ந்தது 3,500 பேருக்கு. லைக்கும் கமென்ட்டும் 1,980. பார்த்தவர்களில் பாதிக்கும் மேல் ஏதாவது செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாதாரணமாக மக்கள் அப்படி நடந்துகொள்வதில்லை, பார்த்துவிட்டு விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். விலை கொடுத்து வாங்கிய லைக்குகள் இருக்கலாம், அல்லது ஒருவர் பதிவுக்கு ஒருவர் கமென்ட் போட்டுக்கொள்ளும் குழு இருக்கலாம். அந்தக் குழுவை ஆங்கிலத்தில் pod என்பார்கள். எது என்று தெரிய கமென்ட்டுகளை வாசித்தாலே போதும். "அருமை", "சூப்பர்", இரண்டு தீ எமோஜி. 12 பதிவுகளிலும் அதே பதினைந்து இருபது பேர், பதிவு வந்த பத்து நிமிடத்துக்குள். அந்த ஆட்களின் பக்கங்களுக்குப் போனால் அவர்களும் இன்ஃப்ளூயன்சர்கள், அங்கேயும் இவருடைய "அருமை" இருக்கும். குழு உறுதியாகிவிடுகிறது.

இப்படிப் போலி எண்களை விலைக்கு வாங்குவது வெறும் நேர்மைப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினையும்கூட. போலி ஃபாலோயர்களை விற்ற டெவூமி நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் நடவடிக்கை எடுத்தது. 2024-ல் வெளியிட்ட விதியில், தெரிந்தே போலி ஃபாலோயர்களை வணிக நோக்கத்துக்காக வாங்குவதையும் தடை செய்தது.

சரி, கலகலப்பான கணக்கைத் தள்ளிவிடலாம். மீதி இரண்டில்தான் உண்மையான போட்டி.

பெரிய கணக்கில் மோசடி எதுவும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபாலோயர் கூடக் கூட எங்கேஜ்மென்ட் சதவீதம் குறைவது இயல்பு. 0.8% என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 38,000 பேர் யார்? இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் பார்வையாளர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது தெரியும். இங்கே 45% மட்டுமே நிறுவனம் அனுப்பக்கூடிய நாட்டில் இருக்கிறார்கள் என்றால், 38,000 என்பது 17,100 ஆகிவிடுகிறது. வகுப்புக் கணக்கில் அது 80% என்றால் 9,500-ல் 7,600. நாலு லட்சத்துக்கும் பதினெட்டாயிரத்துக்கும் இடையே 22 மடங்கு வித்தியாசம் தெரிந்தது. வாங்கக்கூடிய இடத்தில் இருப்பவர்களை எண்ணினால் அது இரண்டேகால் மடங்காகச் சுருங்கிவிட்டது. பெரிய கணக்கு கேட்கும் கட்டணமோ நான்கு மடங்கு.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், அதைத் திருத்துவது எளிது. இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை நகர்த்தும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர்கள் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

அப்புறம், நாடு சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆர்வமும் சரியாக இருக்க வேண்டும். அதைக் காட்டும் சதவீதம் எதுவும் இன்சைட்ஸில் இல்லை. மறுபடியும் கமென்ட்டுகள்தான். பெரிய கணக்கின் ஒரே ஓவியப் பதிவில் வந்தவை: "அந்த மேசை எங்கே வாங்கினீங்க?", "உங்க உடை அழகா இருக்கு." வகுப்புக் கணக்கில்: "ஈரம் காயறதுக்குள்ள ரெண்டாவது கோட் போட்டா தாள் சுருங்குது, என்ன கிராம் தாள் வாங்கணும்?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் நேற்று தூரிகையைக் கையில் எடுத்தவர். அவருக்குத்தான் இந்தப் பெட்டி. சேவ் எண்ணிக்கையும் இதையே சொல்கிறது: ஓவியப் பதிவுக்குப் பெரிய கணக்கில் 40 சேவ், வகுப்புக் கணக்கில் வழக்கமாகவே 600-க்கு மேல். மறுபடி பார்த்துச் செய்து பழக வேண்டும் என்று நினைப்பவர்தான் சேவ் செய்வார். லைக்கைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நம்பகத்தன்மைக்கு நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: காசு வாங்கிப் போட்ட பதிவுகளில் என்ன ஆகிறது? பெரிய கணக்கில் வழக்கமான 3,200, விளம்பரப் பதிவில் 900 ஆக விழுகிறது. வகுப்புக் கணக்கில் 1,080 என்பது 840 ஆகிறது. முதலாவதில், விளம்பரம் என்று தெரிந்ததும் மக்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம் கடைசி 20 பதிவுகளில் தெரியும்: 9 விளம்பரங்கள், அதில் ஒன்று போன மாதம் வேறொரு வண்ணப் பெட்டிக்கு.

பெரிய கணக்கு ஜெயிக்கும் இடமும் உண்டு. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பயன்படும் பொருளுக்கு, பெயர் மனதில் பதிந்தால் போதும் என்ற நோக்கத்துக்கு, ரீச் பெரிதாக இருப்பதே பொருத்தம். அப்போதும் பேரம் பேச வேண்டியது ரீச்சை வைத்து, ஃபாலோயரை வைத்து அல்ல.

நம் நிறுவனத்துக்கு அதே பணத்தில் வகுப்புக் கணக்கில் நான்கு பதிவுகள் கிடைக்கின்றன. நான்கையும் கூட்டி 30,400 பேர் என்று எண்ணிவிடக் கூடாது, பெரும்பாலும் அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். யோசித்து வாங்கும் பொருளுக்கு அது நல்லதே. விற்பனையைக் கண்டுபிடிக்க தனித் தள்ளுபடிக் குறியீடும், ஒவ்வொரு பதிவுக்கும் தனி லிங்க்கும் வேண்டும். லிங்க்கின் முடிவில் இப்படி:

```
?utm_source=instagram&utm_medium=influencer&utm_content=post2
```

இதுவும் முழுக் கணக்கைத் தராது. குறியீடு கூப்பன் தளங்களுக்குக் கசிந்தால் சம்பந்தமில்லாதவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். இன்னொரு பக்கம், பதிவைப் பார்த்தவர் பத்து நாள் கழித்து நிறுவனத்தின் பெயரை நேராகத் தேடி வந்து வாங்கினால் லிங்க்கில் தடயமே இருக்காது. அதனால் பணம் கட்டும் பக்கத்தில் "எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் நான் கட்டாயம் வைப்பேன். முதல் பதிவுக்கு முன் மூன்று வாரம் அந்தப் பெட்டியில் அவர் வரைந்து பார்க்க வேண்டும். குறை கண்டால் பதிவில் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. "மஞ்சள் நன்றாக இருக்கிறது, கறுப்பு காய்ந்ததும் வெளிறிவிடுகிறது, நிழலுக்கு நீலமும் பழுப்பும் கலந்துகொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அந்த வாக்கியத்தை வெட்டச் சொல்லி நிறுவனம் கேட்க முடியாது.