24% சார்ஜ் காட்டிக்கொண்டே நின்றுபோகிற ஸ்கூட்டர்: பேட்டரியைப் பிரித்துப் பார்த்த பிறகு

"மச்சான், உன் மாடல் செகண்ட் ஹேண்டில் நல்லா விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டிய வண்டி. பேட்டரியைப் பழுது பார்த்து இப்போதுதான் திரும்ப எடுத்து வந்திருக்கிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. பிக்கப், பிரேக், சீட்டுக்கு அடியில் இடம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றில் எனக்குக் குறை இல்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டேஷ்போர்டில் 24% இருக்கும். மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் வண்டி சட்டென்று வேகம் இழந்து ஊர்ந்துவிட்டு நின்றுவிடும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடிப்பார். ஓரம் கட்டிவிட்டுச் சற்று நேரம் கழித்து ஆன் செய்தால் மறுபடி 20-க்கு மேல் காட்டும், சமதளத்தில் கொஞ்ச தூரம் போகும், அடுத்த ஏற்றத்தில் அதே கதை. அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு "பேட்டரி ஆரோக்கியம் 88% சார், வாரன்டி 70-க்குக் கீழே போனால்தான்" என்றார்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் விட்டால் சரியாகும் என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். அப்படியே விட்டேன். சரியாகவில்லை.

அது ஏன் சரியாகாது என்பது பேட்டரியைத் தனியாகப் பழுது பார்க்கிற ஒரு மெக்கானிக்கின் மேசையில்தான் புரிந்தது. இந்த பேட்டரி பேக்கில் 5 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள உருளை வடிவ செல்கள் 168 இருக்கின்றன. 12 செல்களை இணையாக, அதாவது பேரலலாகச் சேர்த்தால் ஒரு குழு. அப்படி 14 குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் நிற்கின்றன. புதிதில் ஒவ்வொரு குழுவும் 60 ஆம்பியர்-அவர், மொத்தம் சுமார் 3 யூனிட் மின்சாரம். தொடரில் இருப்பதால் எல்லாக் குழுவிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். ஏதாவது ஒரு குழுவின் வோல்ட்டேஜ் கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால், மற்ற 13-இல் எவ்வளவு மீதி இருந்தாலும், பேட்டரியைக் கண்காணிக்கிற மின்னணுச் சுற்றான பிஎம்எஸ் வண்டியை நிறுத்திவிடும். நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழு அதற்கும் கீழே இறங்கிக் கெட்டுப்போகும்.

மெக்கானிக் முதலில் முழு சார்ஜில் பார்த்தார். 14 குழுவும் 4.16, 4.17 வோல்ட் என்று அச்சடித்தது போல ஒரே வரிசையில். அப்புறம் 24% காட்டும் வரை இறக்கினார். 13 குழுக்கள் 3.52 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க, ஒன்பதாவது மட்டும் 3.21. லோடு கொடுத்ததும் அது 2.9-க்குப் போய் பேக் நின்றது. லோடை எடுத்தால் மெல்ல ஏறி 3.3.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு குழு முழு சார்ஜிலும் தாழ்வு, அடியிலும் தாழ்வு என்றால் அது சமநிலைக் கோளாறு. அந்தக் குழு தானாகக் கொஞ்சம் மின்சாரத்தை இழந்து பின்தங்கியிருக்கிறது. அதற்கு ராத்திரி முழுக்கச் சார்ஜரில் விடுவது சரியான மருந்துதான், மற்ற குழுக்களின் மிகையைப் பிஎம்எஸ் மெதுவாக வடித்துச் சமப்படுத்தும். (மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் நூறு மில்லி ஆம்பியருக்கும் கீழே, ஒரு ராத்திரிக்கு ஒரு ஆம்பியர்-அவர்கூடத் தேறாது.) ஆனால் மேலே எல்லாம் சமமாக இருந்து அடியில் மட்டும் ஒன்று சரிந்தால், அந்தக் குழுவின் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அதை எத்தனை ராத்திரி சார்ஜரில் விட்டாலும் பயன் இல்லை.

மற்ற குழுக்கள் 54 ஆம்பியர்-அவருக்குப் பக்கத்தில் இருந்தன, ஒன்பதாவது 44. இப்போது கணக்குப் போடுங்கள். 14-இன் சராசரி சுமார் 53, அதை 60-ஆல் வகுத்தால் 88-க்கும் 89-க்கும் நடுவில். சர்வீஸ் சென்டர் சொன்ன எண் அதுதான். பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டி சராசரியில் ஓடவில்லை, குறைந்தபட்சத்தில் ஓடுகிறது, அது 73%. மீதிப் 13 குழுவில் தலா 10 ஆம்பியர்-அவர், ஏறக்குறைய அரை யூனிட், எடுக்கவே முடியாமல் உள்ளே கிடக்கிறது. என் ஓட்டத்துக்கு அது 15 கிலோமீட்டர். இதில் எரிச்சலான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 73-ம் 70-க்கு மேலேதான். நேர்மையான எண்ணைக் காட்டியிருந்தாலும் எனக்கு வாரன்டி கிடைத்திருக்காது. ஆனால் 24 என்று காட்டிய இடத்தில் 7 என்று காட்டியிருந்தால் நான் மேம்பாலத்தில் ஏறியே இருக்க மாட்டேன்.

ஒன்பதாவது குழுவைக் கழற்றி, 12 செல்லையும் தனித்தனியே டெஸ்டரில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் அளவை எழுதி வைத்தார். (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை நழுவினால் போதும், தீ.) எல்லாமே ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் எண், ஒரே நாளில் இந்த பேக்குக்குள் போனவை. ஒன்பது செல்கள் 4.3 ஆம்பியர்-அவரை ஒட்டி. மூன்று மட்டும் 1.8-ஐ ஒட்டி. அந்த மூன்றின் உள் மின்தடை மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெளியில் பார்த்தால் வீக்கம், கசிவு, துரு எதுவும் கிடையாது.

இப்படி நடப்பது அதிசயம் இல்லை. ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாடலைச் சேர்ந்த 48 செல்களை ஒரே வெப்பநிலையில், ஒரே மாதிரி சார்ஜ் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். கொள்ளளவு 80%-க்கு இறங்க ஒரு செல்லுக்குச் சுமார் 1,000 சுழற்சி ஆனது, இன்னொன்றுக்குச் சுமார் 1,500. தொடக்கத்தில் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே போயின, வயது ஏற ஏறத்தான் வரைபடம் விசிறி போல விரிந்தது. இதைவிட முக்கியம், புதிதாக இருக்கும்போது எடுத்த கொள்ளளவை வைத்து எது சீக்கிரம் சாகும் என்று சொல்ல முடியவில்லை. ஆக, ஃபேக்டரியில் கொள்ளளவு பார்த்துத் தரம் பிரித்துத்தான் பேக் கட்டினோம் என்று கம்பெனி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், இந்தச் சிக்கலுக்கு அது போதாது. எலக்ட்ரோடில் பூச்சு ஓரிடத்தில் துளி கனமாக இருப்பது, எலக்ட்ரோலைட் ஓரிடத்தில் சரியாக ஊறாமல் விடுவது, இதெல்லாம் முதல் நாள் அளவில் தெரியாது.

சுமாராக ஒரு கணக்கு. செல்களின் சராசரி ஆயுள் 1,250 சுழற்சி, செல்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதைச் சொல்கிற திட்ட விலக்கம் 10% என்று வைத்துக்கொள்வோம், அதாவது 125. ஒற்றைச் செல்களாக 14-ஐத் தொடரில் கட்டினால் அவற்றில் மிக மோசமானது சராசரிக்கு 1.7 விலக்கம் கீழே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், அதாவது சுமார் 1,040. பேக்கின் ஆயுள் அந்த 1,040-தான், 1,250 இல்லை. தொடர் நீள நீள இது இன்னும் இறங்கும். நூறைத் தொடரில் வைத்தால் 2.5 விலக்கம், சுமார் 940. ஒரு செல்கூட மாறவில்லை, எண்ணிக்கை கூடியதுக்கே இந்தத் தண்டனை.

12-ஐப் பேரலலில் சேர்ப்பதில் உள்ள லாபமும் இங்கேதான். குழுவின் கொள்ளளவு 12 செல்லின் கூட்டுத்தொகை, நல்லதும் கெட்டதும் சமன் ஆகிவிடும். செல்லுக்குச் செல் 10% விலக்கம் இருந்தால் குழுவுக்குக் குழு அது 12-இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு 3%-க்குச் சுருங்கும். என் பேக்கில் அந்த 13 குழுக்களும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததற்கு இதுதான் காரணம், அதற்காகக் கட்டியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்பதாவது மற்றவற்றைவிட 18% கீழே. 3%-க்கு அது ஆறு மடங்கு. வெறும் அதிர்ஷ்டக் குறைவால் அவ்வளவு தூரம் விலகாது, ஒரே குழுவில் மூன்று செல் தற்செயலாகச் சேர்ந்து சாவதும் நம்புகிற மாதிரி இல்லை. சராசரி எடுத்தால் சமன் ஆகும் என்ற கணக்கு செல்கள் தனித்தனிக் காரணத்தால் கெடும்போதுதான் செல்லும். ஒன்பதாவது குழு பேக்கின் நடுவில், நாலு பக்கமும் செல் சூழ, காற்றே படாத இடத்தில் இருக்கிறது. சென்னை வெயிலில் ஓரத்துச் செல் ஆறுகிற வேகத்தில் நடுச்செல் ஆறாது, சூடு அந்த 12-ஐயும் சேர்த்துத்தான் அடிக்கும். அதில் ஒன்று முதலில் விழுந்தால் அதன் பங்கையும் மீதி 11 இழுக்க வேண்டும், கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் நின்ற மாதிரி. குழு சுருங்கச் சுருங்க ஒவ்வொரு ஓட்டத்திலும் மற்ற குழுக்களைவிட ஆழமாகக் காலியாகும், அதனால் இன்னும் சூடு, இன்னும் வேகமான தேய்வு. முதல் இரண்டு வருஷம் எதுவுமே தெரியாமல் இருந்துவிட்டு, அப்புறம் சில மாதங்களில் மடமடவென்று சரிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் 12 செல்லையும் மாற்றினார். புதுச் செல் போடவில்லை, அதே வயதுள்ள வேறொரு பேக்கில் இருந்து 4.5 அளவுள்ளதாகப் பொறுக்கி எடுத்தார். புதுசு போட்டால் அந்தக் குழு மட்டும் 60 ஆகும், மற்றவை 54-இலேயே நிற்கும், கூடுதல் 6-க்குக் கொடுத்த காசு வீண். நியாயமான மனிதர், அதையும் சொல்லித்தான் காசு வாங்கினார். இப்போது மிகக் குறைந்தது எட்டாவது குழு, 51. அதுவும் நடுவில்தான் இருக்கிறது. 44-இல் இருந்து 51, எனக்கு 10, 11 கிலோமீட்டர் திரும்பக் கிடைத்தது. அடுத்து விழப்போவது யார் என்றும் தெரிந்துவிட்டது.

ஆக நண்பனுக்கு: வண்டி நல்ல வண்டி. 168 செல்லில் 165 ஒழுங்காக வேலை செய்தன, இந்த விலைக்கு இதைவிட நன்றாகக் கட்டப்பட்ட பேக்கை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்காதே. 14 குழுவின் வோல்ட்டேஜையும் உரிமையாளருக்குக் காட்டாமல் சராசரியை மட்டும் காட்டுகிற கம்பெனிக்கு உன் காசு போக வேண்டாம். அதையும் மீறி வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். வாங்குவதானால் விற்பவரிடம் ஆரோக்கிய சதவீதத்தைக் கேட்காதே. 25% வரை ஓட்டிவிட்டு, ஆள் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் முழு ஆக்சிலரேட்டரில் ஏறிப் பார், காலையில் டிராஃபிக் இல்லாத நேரத்தில். என்னுடையதை விற்பேனா என்று கேட்காதே, விற்க மாட்டேன்.