ஆறு எண்ணுவதற்குள் அணைய வேண்டிய விளக்கு

அப்பாவுக்கு ஒரு பழைய கார் வாங்கித் தரத்தான் இந்த முறை மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். மாநிலம் கேரளம், வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ். மருந்துக்குச் சித்தூர், கண்ணுக்குக் கோயம்புத்தூர் என்று 71 வயதில் அப்பா பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் எனக்குச் சொந்தக் கார் கிடையாது, அந்த ஊரில் அது என் சம்பளத்துக்கு ஆகாத ஆசை. ஆனால் 11 வருடமாக பஸ் டிப்போவில் எலக்ட்ரிகல் வேலை. அதனால் வண்டி பார்க்கப் போனால் எல்லோரும் பெயின்டைத் தடவிக்கொண்டிருக்கும்போது நான் மீட்டரைத்தான் பார்ப்பேன்.

முதல் வண்டி 2017 மாடல், KL-70 நம்பர். வண்டிக் கச்சவடம் செய்கிறவர் நல்ல தமிழ் பேசினார். முந்தின நாளே போனில் ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நாங்க வர்றதுக்கு முன்னால வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாங்க." எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் போய் உட்கார்ந்தால் மீட்டரில் பாதிக் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

சாவியை ஆன் வரைக்கும் திருப்பி அங்கேயே நிறுத்தினேன். பட்டன் வைத்த வண்டி என்றால் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அமுக்க வேண்டும். அப்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று வண்டி நமக்குக் காட்டுகிற நேரம் அது. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் விளக்கு, ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு மூன்றும் எஞ்சின் ஓட ஆரம்பிக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அப்படி இல்லை. அவற்றுக்குத் தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. தன்னைத் தானே சோதித்து முடித்ததும், நாம் ஸ்டார்ட் செய்யாமலே சில விநாடிகளில் அணைந்துவிடும். ஏர்பேக்குக்கு ஐந்தாறு விநாடி ஆகும்.

இந்த வண்டியில் ஏபிஎஸ் அணைந்தது, ஏர்பேக் அணையவில்லை. ஸ்டார்ட் செய்தும் எரிந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பொம்மை, முன்னால் ஒரு உருண்டை, சிவப்பில்.

"அது சும்மா ஒயர் லூசுங்க. பல்பைக் கழட்டிவிட்டாப் போயிரும்," என்றார் அவர். கழட்டினால் போவது விளக்குதான். அது எரிகிற வரைக்கும், மோதினால் பை விரியும் என்று நம்ப முடியாது. அதைச் சொன்னதும் அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சரி, வந்ததற்கு ஒரு ரவுண்டு போவோம் என்று நான்தான் கூப்பிட்டேன். பனைமரச் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது, ஹாரனை அமுக்கினேன், சத்தமே இல்லை. ஸ்டீயரிங்கில் உள்ள பாட்டுப் பட்டன்களும் வேலை செய்யவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் வேறொரு இடம். 2016 மாடல், இரண்டு ஏர்பேக் உள்ள மேல் ரகம், உள்ளே புது வண்டி வாசம். அப்பாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், எல்லா விளக்கும் வந்தது. மனதுக்குள் எண்ணினேன். மூன்றில் ஏபிஎஸ் போனது. ஆறு ஆயிற்று, பத்து ஆயிற்று, இருபது, முப்பது. ஏர்பேக் விளக்கு ஆயிலோடும் பேட்டரியோடும் சேர்ந்து எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். மூன்றும் ஒரே நொடியில் அணைந்தன.

"எல்லாம் அணைஞ்சிருச்சே, அப்புறம் என்ன?" என்றார் அப்பா.

அணைந்ததில் தப்பில்லை, எப்போது அணைந்தது என்பதில்தான் சங்கதி. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பது ஏர்பேக் விளக்குக்குத் தேவையில்லாத விஷயம். அதை உறுதி செய்ய, முதல் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினேன். சாவி ஆனிலேயே இருந்தது. எஞ்சின் நின்றதும் ஆயிலும் பேட்டரியும் எரியத்தான் வேண்டும். கூடவே ஏர்பேக்கும் எரிந்தது. யாரோ அந்த விளக்கை ஏர்பேக் பெட்டியிலிருந்து பிரித்து, ஆயில் அல்லது பேட்டரி விளக்கின் ஒயரோடு சேர்த்திருக்கிறார்கள். சாவி போட்டதும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணையும், வாங்குகிறவருக்குத் திருப்தி.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்கின் நடு மூடி டேஷ்போர்டைவிட ஒரு நிழல் கறுப்பு. பக்கத்து சீட்டுக்கு எதிரே ஏர்பேக் மூடியின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால், டிரைவர் பெல்ட்டின் அடியில் மட்டும் லேபிள் இல்லை. வண்டி ஒருமுறை பலமாக மோதி பைகள் விரிந்திருக்கின்றன என்பதுதான் என் கணக்கு. ஸ்கேன் செய்யக் கொண்டுபோகிறோம் என்றதும், "வேற ஆளு அட்வான்ஸ் தர்றேன்னு நிக்கிறார்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

இங்கே இரண்டு விஷயம். விளக்கே வராவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. இந்தியாவில் எல்லாப் புதுக் காருக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தின கீழ் ரக வண்டிகளில் ஏர்பேக்கே இருக்காது, விளக்குக்கும் வேலை இருக்காது. எந்த ரகம் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, எண்ணிப் பார்ப்பதும் எல்லாவற்றையும் பிடிக்காது. பை இருந்த இடத்தில் அதே அளவு மின்தடை, ஏறக்குறைய இரண்டு ஓம், உள்ள சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் பெட்டி ஏமாந்துபோகும், விளக்கும் முறைப்படி அணையும். மூடியையும் பெல்ட்டையும் பார்ப்பது அதனால்தான்.

முதல் வண்டிக்காரரை மறுபடி கூப்பிட்டேன். அப்பாவுக்குப் புரியவில்லை. ஹாரன், பாட்டுப் பட்டன், ஏர்பேக் மூன்றின் ஒயரும் ஸ்டீயரிங்குக்குள் போவது ஒரே வழியாக. கடிகார வில் மாதிரி சுருட்டிய பட்டை ஒயர், ஒர்க்‌ஷாப்பில் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். மூன்றும் சேர்ந்து செத்தால் முதல் சந்தேகம் அதன்மேல்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியிடம் நல்ல ஸ்கேனர் இருந்தது. போனோடு சேர்க்கிற சின்னக் கருவி ஒன்று என்னிடமும் உண்டு, ஆனால் அது எஞ்சினை மட்டும் படிக்கும், ஏர்பேக் பெட்டிக்குள் போகாது. டிரைவர் ஏர்பேக் சர்க்யூட் அறுந்திருக்கிறது என்று ஒரே ஒரு கோளாறு வந்தது. மோதியதாகப் பதிவு எதுவும் இல்லை. தம்பி வேலை தெரிந்தவன். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பெட்டியில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்க அந்த நேரம் வேண்டும். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டர் வைக்கவும் இல்லை, வைத்தால் பை விரிந்துவிடலாம். ஸ்கேன், புது ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்ந்து 5,200 ரூபாய். வண்டிக்காரர் விலையில் 15,000 குறைத்தார்.

மாட்டி முடித்து அப்பாவையே சாவி திருப்பச் சொன்னேன். வாய்விட்டு எண்ணினார். ஆறு சொல்வதற்குள் பொம்மை அணைந்தது. அப்புறம் ஹாரனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

நான் சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தின நாள் அந்த 2016 வண்டி நின்ற இடத்தைத் தாண்டிப் போனோம். இடம் காலி. பக்கத்து டீக்கடையில் கேட்டால், இரண்டு நாள் முன்னால் எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டி யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். குடும்பத்தோடு வந்திருந்தார்கள் என்றார் கடைக்காரர்.