முத்திரையிட்ட உறைக்குள் எதை வைப்பது: காகிதமா, பாதுகாப்புச் சாவியா?

மைக்ரோசாப்ட் 365 வைத்திருக்கும் சிறு அறக்கட்டளையோ, பள்ளியோ, ஆடிட்டர் அலுவலகமோ எதுவானாலும் அங்கே பெரும்பாலும் ஒருவர்தான் அட்மின். நுழையும்போது கடவுச்சொல்லோடு கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பு அவருடைய கைப்பேசியில்தான் இருக்கிறது; அது தொலைந்தால் அவரால் உள்ளே நுழைய முடியாது. அவரை மீண்டும் உள்ளே விடும் அதிகாரமும் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. இதற்காகத்தான் யாரும் அன்றாடம் தொடாத அவசர அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கி, நுழைவதற்கு வேண்டியதை உறையிலிட்டு முத்திரை வைத்துவிடுகிறார்கள். நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் இந்த ஏற்பாட்டைச் சமீபத்தில் புதுப்பித்தோம். உறைக்குள் கடவுச்சொல் அச்சிட்ட காகிதம் வைப்பதா, கணினியில் செருகி நுழைய உதவும் சிறு கருவியான யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வைப்பதா என்று யோசித்துச் சாவி பக்கம் சாய்ந்தோம். நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு இரண்டு வழிகளையும் பலர் சொல்வார்கள். அறங்காவலர் ஒருவருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. அவர் அதே கணக்கில்தான் நாள் முழுதும் மின்னஞ்சல் பார்க்கிறார், கண்ட இணைப்பையும் சொடுக்குகிறார், ஆகவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் மைக்ரோசாப்ட் உதவி மையத்தை அழைக்கலாம் என்பது மற்றொன்று. அழைக்கலாம். ஆனால் நிறுவனம் உங்களுடையதுதான் என்று அவர்கள் சரிபார்த்து முடிக்கும்வரை உங்கள் வேலை நிற்கும்.

காகிதத்துக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதை இருந்தது. 2018 நவம்பர் 19 அன்று கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் மைக்ரோசாப்டின் இரட்டைச் சரிபார்ப்புச் சேவையே ஏறத்தாழ 14 மணி நேரம் முடங்கியது. அந்தச் சரிபார்ப்பு கட்டாயமாக இருந்த அட்மின்கள் வெளியே நின்றார்கள். அவசரக் கணக்குக்கு மட்டும் இரட்டைச் சரிபார்ப்பிலிருந்து விலக்கு அளித்து, நீளமான கடவுச்சொல் ஒன்றை அச்சிட்டு உறையில் வைப்பது அன்றைய வழக்கம். 2024 அக்டோபரில் தொடங்கி மைக்ரோசாப்ட் தன் நிர்வாகப் பக்கங்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அவசரக் கணக்கும் அதற்கு விலக்கில்லை. ஆகவே கடவுச்சொல் மட்டும் எழுதி அதற்கு முன்பே ஒட்டிய உறை உங்கள் பீரோவில் இருந்தால், அது மட்டும் இன்று உங்களை நிர்வாகப் பக்கம்வரை கொண்டுபோகாது.

காகிதத்தை இன்றைக்கு ஏற்றபடி மாற்ற முடியும். இரண்டாம் சரிபார்ப்புக்கான எண்ணைத் தரும் கைப்பேசிச் செயலியைக் கணக்கில் பதிவு செய்யும்போது வேறு செயலி பயன்படுத்துவதாகச் சொல்லி, கியூஆர் படத்துக்குக் கீழே உள்ள `Can't scan image?` என்பதைச் சொடுக்கினால், அந்த எண்ணை உருவாக்கும் ரகசியக் குறி எழுத்துகளாகத் தெரியும். அதையும் கடவுச்சொல்லோடு சேர்த்து அச்சிட்டு வைக்கலாம். தேவைப்படும் நாளில் எந்தக் கைப்பேசியிலும் அதைத் தட்டச்சு செய்து ஆறு இலக்க எண்ணைப் பெறலாம். லினக்ஸ் கணினி இருந்தால் ஒரே வரி போதும்:

```
oathtool --totp -b -
```

கடைசியில் உள்ள கோடு, குறியை விசைப்பலகையிலிருந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. கட்டளையோடு சேர்த்து எழுதினால் அது கணினியின் கட்டளை வரலாற்றில் தங்கிவிடும். எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் என்பதால் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இந்த முறைக்குச் செலவே இல்லை, யுஎஸ்பி துளையும் தேவையில்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? பராமரிப்புதான் காரணம். அவசரக் கணக்கு வேலை செய்கிறதா என்று குறைந்தது 90 நாளைக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் பரிந்துரை. காகித உறையைச் சோதிக்க அதைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் ரகசியம் இரண்டு பேர் கண்ணில் பட்டுவிடுகிறது. எனவே கடவுச்சொல்லை மாற்றி, பழைய குறியை நீக்கிப் புதிதாகப் பதிவு செய்து, மீண்டும் அச்சிட்டு, பிழை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். வருடத்துக்கு நான்கு முறை இதை எந்தச் சிறு அலுவலகம் செய்யும்? முதல் முறை செய்வார்கள், இரண்டாம் முறை தள்ளிப்போடுவார்கள், அதன்பின் உறை இருக்கிறது என்பதே ஆறுதலாகிவிடும்.

சாவியில் இந்தச் சுற்று வேலை இல்லை. ரகசியம் சாவியின் உள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கிறது; யார் பார்த்தாலும் அதை நகலெடுக்க முடியாது. சோதனை நாளில் உறையைப் பிரித்து, நுழைவுப் பக்கத்தில் `Sign-in options` வழியாகச் சாவியைத் தேர்ந்து, செருகி, பின் எண் கொடுத்து, விரலால் தொட்டு உள்ளே போய் வெளியே வந்து, புதிய உறையில் போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது. எதையும் மாற்ற வேண்டியதில்லை. காகிதத்தை ஒருவர் ரகசியமாகப் பிரித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தால் அது தெரியவே தெரியாது. யார் எப்போது நுழைந்தார் என்று காட்டும் மைக்ரோசாப்டின் நுழைவுப் பதிவேடும் இலவசப் பதிப்பில் 7 நாள்தான் நிற்கும். சாவியோ உறையில் இருக்கும்வரை வேறு எவர் கையிலும் இல்லை.

அட்மின் புதுக் கைப்பேசி வாங்கிப் பழையதைக் கொடுத்துவிட்டார், செயலியை மாற்றிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் உறையை எடுக்கிறார், பொருளாளர் பின் எண்ணைச் சொல்கிறார். கணக்குகளை நிர்வகிக்கும் `entra.microsoft.com` பக்கத்தில் அவசரக் கணக்கில் நுழைந்து, அட்மினின் பெயரைத் திறந்து, `Authentication methods` பகுதியில் `Temporary Access Pass` ஒன்றை உருவாக்குகிறார்கள். அந்தத் தற்காலிகக் குறி, அமைப்பை மாற்றாவிட்டால், ஒரு மணி நேரம் செல்லும். அதற்குள் அட்மின் அதைக் கொண்டு நுழைந்து புதுக் கைப்பேசியைப் பதிவு செய்துகொள்கிறார். இந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், பூட்டிய கதவின் முன்னால் நின்று அமைப்புகளைத் தேட வேண்டியிருக்காது.

சாவிக்கும் தொல்லைகள் உண்டு. பின் எண்ணைத் தொடர்ந்து எட்டு முறை தவறாகக் கொடுத்தால் சாவி பூட்டிக்கொள்ளும். அதன்பின் அதை முழுதாக அழித்துத்தான் மீட்க முடியும். அழித்தால் கணக்கின் பதிவும் போய்விடும். பழைய அகல யுஎஸ்பி சாவி, சி வகைத் துளை மட்டும் உள்ள புது மடிக்கணினியில் நுழையாது. இவற்றுக்காகவே இரண்டு அவசரக் கணக்கு வைத்து, கணக்குக்கு ஒரு சாவி, துளை வகைக்கு ஒன்று என்று வாங்கினோம். ஒரு சாவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பல வருடம் பீரோவில் கிடந்த சாவி எப்படி இருக்கும் என்பதை நான் இன்னும் கண்டதில்லை. அந்த ஐயத்துக்கும் இரண்டாவது சாவிதான் பதில்.

அவசரக் கணக்குகளின் பெயர், மைக்ரோசாப்ட் தானே தரும் `onmicrosoft.com` என்ற முகவரியில் முடிய வேண்டும். சொந்த டொமைனில் எது கெட்டாலும் இவை பாதிக்கப்படக் கூடாது. கடவுச்சொல்லை நீளமாகத் தாறுமாறாக வைத்துவிட்டு எங்கும் எழுதவில்லை. பின் எண் சாவி இருக்கும் உறையில் இல்லை. ஒரு சாவி அலுவலக இரும்பு பீரோவிலும் மற்றொன்று செயலாளர் வீட்டிலும் இருக்கின்றன. வங்கி லாக்கரில் வைக்கலாமே என்று பொருளாளர் கேட்டார். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் ஞாயிறும் வங்கி திறக்காது, அட்மினின் கைப்பேசி தொலையும் நாளை நாம் குறிக்க முடியாது என்றேன், விட்டுவிட்டார்.

சாவிக்குப் பணம் ஒதுக்க முடியாத அமைப்பு காகிதத்தையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ரகசியக் குறியையும் சேர்த்து அச்சிட்டு, அடுத்த சோதனைக்கான தேதியை உறையின் மேலேயே எழுதி, அந்த நாளில் பிரிக்கப் போகிறவரின் பெயரையும் இப்போதே குறித்துவிடுவது நல்லது.