சாரல் நாளில் முழங்கால் வலி: ஒத்தடமா, ஜெல்லா, மாத்திரையா?

ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று புகுந்துவிட்டால், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வீடுகளில் முழங்கால் பேச்சும் தொடங்கிவிடும். வானம் கறுக்கும் முன்பே கால் சொல்லிவிடுகிறது என்பார்கள் பெரியவர்கள். இது மெய்யா, பழகிப்போன நம்பிக்கையா?

இல்லை என்று சொன்ன ஆய்வுகள் உண்டு. 1996-இல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி இருவரும் 18 முடக்குவாத நோயாளிகளை 15 மாதம் கவனித்தும் வானிலையோடு தொடர்பு காணவில்லை. 2017-இல் அமெரிக்க முதியவர்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ வருகைகளை அலசியபோதும், மழை நாளில் மூட்டுவலி என்று வந்தவர்கள் கூடவில்லை. மாறாக, 2019-இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில் 2,600-க்கும் மேற்பட்டோர் தங்கள் வலியை நாள்தோறும் கைப்பேசியில் பதிந்தனர். ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்றும் பலமாக வீசிய நாட்களில் வலி சற்றுக் கூடியது.

நான் மான்செஸ்டர் பக்கம்தான் சாய்கிறேன். கால் வலிக்கிறது என்பதற்காக யாரும் அன்றே, அதுவும் மழையில், மருத்துவரிடம் ஓடுவதில்லை. வருகைக் கணக்கில் அந்த வலி சிக்காது. மான்செஸ்டரில் ஒவ்வொருவரின் நாளையும் அவருடைய மற்ற நாட்களோடுதான் ஒப்பிட்டார்கள். ஆனால் அளவு சிறியது. சாதாரண நாளில் வலி கூடும் வாய்ப்பு 100-க்கு 5 என்றால், ஈரமும் காற்றும் சேர்ந்த நாளில் 100-க்கு 6.

காரணம் காற்றழுத்தம் என்பதை மட்டும் நம் ஊருக்கு என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே மழையே இல்லாத நாளிலும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள் அழுத்தம் சில மில்லிபார் இறங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே குறைந்துவிடும். சாரல் நாளின் இறக்கம் அதன் முன்னே ஒன்றுமில்லை. குளிரில் தசை இறுகுவதும் அசையாமல் உட்கார்ந்திருப்பதும்தான் எனக்கு வலுவான காரணங்களாகப் படுகின்றன. நடமாட்டத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் வானிலைக்கென ஒரு சிறு பங்கு அந்த ஆய்வில் எஞ்சியது உண்மை. அதை நாம் மாற்ற முடியாது, உட்கார்ந்திருப்பதை மாற்றலாம்.

தென்னந்தோப்பு வீட்டு அமுச்சி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 65, இரு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை. வெயில் நாளில் மாட்டுக்குத் தீவனம் வைப்பதிலேயே நாலு நடை நடந்துவிடுவார். சாரல் நாளில் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்தால், மாலையில் சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருக்கும்.

அவருக்கு முதலில் ஒத்தடம். வறுத்த கல் உப்பை இரண்டு மடிப்புத் துணியில் கட்டி, 15 நிமிடம். சர்க்கரையால் காலில் உணர்வு மங்கியிருந்தால் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். அதனால் வேறொருவர் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். ஒத்தடத்தின் பலன் நீடிக்காது. கால் இளகியிருக்கும் அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்தான் அதன் மதிப்பு. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. பிறகு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்ந்து, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கலாம். செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும்.

ஜெல்லா மாத்திரையா என்றால், முழங்காலுக்கு ஜெல்தான் முந்தி. மருந்து இரத்தத்தில் குறைவாகவே கலக்கும். பலர் பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஒரு சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லின் முழு அளவு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை. இரு காலுக்கும் அப்படிப் போட்டால் 30 கிராம் டியூப் ஒரே நாளில் தீர்ந்துவிடும். செலவு இடித்தால் வலி அதிகமான முழங்காலுக்கு மட்டும் சரியான அளவில் போடுவது, இரண்டிலும் மெலிதாகப் பூசுவதைவிட மேல். பலன் தெரியச் சில நாட்கள் ஆகலாம். பூசிய இடத்தில் ஒத்தடம் கூடாது. கற்பூரத் தைலம் தோலில் சூடு காட்டி வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும், அவ்வளவே.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாத்திரைகள் வேகமாகக் கேட்கும். ஆனால் அமுச்சியைப் போன்றவருக்கு அவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும். மருந்துக்கடையில் தாமாக வாங்கக் கூடாது. பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை.

காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டி, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்திற்குப் பரிசோதனை தேவை. மழைக்குப் பின் காய்ச்சலோடு பல மூட்டுகள் வலித்தால் சிக்குன்குனியாவா என்று பார்க்க வேண்டும். ஒரே மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் சாரலைக் காரணம் சொல்லி ஒத்தடத்தோடு காத்திராமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.