தாளில் உள்ள விலையா, கொள்முதல் ஏட்டில் உள்ள விலையா: படமெடுத்த எண்ணிக்கைத் தாளிலிருந்து இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடுதல்

கிடங்கில் கையால் நிரப்பிய எண்ணிக்கைத் தாளைப் படமெடுத்து, அதிலுள்ள எண்களை எழுத்துணரி மென்பொருளால் அட்டவணையாக்கிய பிறகு, இரண்டு வழிகள் இருக்கின்றன. அளவு, அலகு விலை இரண்டையும் தாளிலிருந்தே எடுத்துப் பெருக்குவது முதல் வழி. பொருளின் பெயரையும் அளவையும் மட்டும் தாளிலிருந்து எடுத்துக்கொண்டு, விலையைக் கொள்முதல் ஏட்டிலிருந்து பொருத்துவது இரண்டாவது வழி. ஆண்டு முடிவுக் கணக்குகளை இரு வழிகளிலும் முடித்திருக்கிறேன். இப்போது இரண்டாவதையே பின்பற்றுகிறேன்.

முதல் வழி விரைவானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதன் உண்மையான வலிமை வேறு. தாளில் தொகைக்கும் ஒரு பத்தி இருந்தால், ஒவ்வொரு வரியும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். C பத்தியில் அளவும், D பத்தியில் அலகு விலையும், E பத்தியில் தாளில் எழுதிய தொகையும் இருந்தால் இது போதும்:

```
=ROUND(C2*D2,2)=E2
```

1 என்பது 7 ஆகவோ, 12.50 என்பது புள்ளி தொலைந்து 1250 ஆகவோ படிக்கப்பட்டிருந்தால் அந்த வரி FALSE என்று காட்டிவிடும். பெருக்குத்தொகை, எழுதிய தொகையைப் போலச் சரியாக 100 மடங்கு இருந்தால் புள்ளியைத் தேட வேண்டும். தொகை வேறுபாட்டை அலகு விலையால் வகுத்துக் கிடைப்பது 9 ஆல் வகுபட்டால், அளவில் 36 என்பது 63 ஆக இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

ஆனால் இந்தச் சோதனை, படித்தது சரியா என்பதை மட்டுமே சொல்கிறது. எழுதியது சரியா என்பதைச் சொல்வதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். குறிப்பாக, எண்ணிய அலகும் விலையின் அலகும் வேறாக இருக்கும்போது, தவறான வரி கூட்டல் பெருக்கலில் எந்தக் குறையுமின்றித் தேறிவிடுகிறது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். தாளில் அளவு 36, அலகு விலை 12.50, தொகை 450 என்று இருக்கிறது. மென்பொருள் மூன்றையும் பிழையின்றிப் படிக்கிறது, பெருக்கலும் பொருந்துகிறது. உண்மையில் எண்ணியவர் எண்ணியது 36 பெட்டிகள். ஒரு பெட்டியில் 10 உருப்படிகள். எழுதப்பட்ட விலையோ ஓர் உருப்படிக்கானது. கொள்முதல் ஏட்டைத் திறந்தால், கடைசியாக 20 பெட்டிகள் 130 வீதமும், அதற்கு முன் 25 பெட்டிகள் 125 வீதமும் வாங்கியிருப்பது தெரிகிறது. முதலில் வந்தது முதலில் வெளியேறும் முறையில், கையிருப்பு கடைசிக் கொள்முதல்களிலிருந்து நின்றது என்று கொள்ள வேண்டும்: 20 பெட்டிகளுக்கு 2,600, மீதி 16 பெட்டிகளுக்கு 2,000, மொத்தம் 4,600. தாள் காட்டிய 450 இதைவிட 4,150 குறைவு. தாளின் எண்ணையே எடுத்தால் அந்த அளவுக்கு இவ்வாண்டு இலாபம் குறைந்து தெரியும். இதே எண் அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பாகச் செல்வதால், அங்கே அதே அளவு இலாபம் கூடித் தெரியும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடுவதால்தான் இத்தகைய பிழை கண்ணில் படாமல் போகிறது.

அலகு ஒன்றாகவே இருந்தாலும், தாளில் எழுதிய விலை எங்கிருந்து வந்தது என்பது தாளுக்குத் தெரியாது. எண்ணியவர் நினைவிலிருந்த விற்பனை விலையைக்கூட எழுதியிருக்கலாம்; அப்படியானால் விற்காத பொருளின் இலாபம் இருப்பு மதிப்புக்குள் நுழைந்துவிடும். எனவே தாளில் உள்ள விலையை நான் வீசிவிடுவதில்லை, மதிப்பிடவும் பயன்படுத்துவதில்லை. ஏட்டு விலையோடு ஒப்பிடும் பத்தியாக வைத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் உள்ள விகிதம் 10, 12, 24 போன்ற பெட்டிக் கொள்ளளவாக வந்தால் அலகுக் குழப்பம் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாவது வழியின் சுமை பெயர்ப் பொருத்தம். தாளில் ஒரு சுருக்கப் பெயரும் ஏட்டில் முழுப்பெயரும் இருக்கும். பொருள் குறியீடு இல்லாத இடத்தில் முதல் ஆண்டு இது உண்மையிலேயே வருத்தும் வேலை. ஒரு முறை பொருத்திய பட்டியலைச் சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டு புதிய பொருள்களை மட்டும் பார்த்தால் போதும்.

எந்த வழியானாலும் சில வரிகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அடித்துத் திருத்திய எண்ணில் மென்பொருள் பழையதை எடுத்திருக்கலாம். வெற்றிடத்தை 0 ஆக நிரப்பக்கூடாது: 0 என்றால் எண்ணிப் பார்த்ததில் இல்லை என்று பொருள், வெற்றிடம் என்றால் எண்ணவேயில்லை என்றும் இருக்கலாம். படத்தின் ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டதை வரிசை எண்களின் தொடர்ச்சி காட்டிக்கொடுக்கும். குறிப்புப் பத்தியில் ‘சேதம்’ என்று எழுதிய பொருள்களுக்கு ஏட்டு விலையும் உதவாது. விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை அடக்க விலையைவிடக் குறைவானால், அந்தக் குறைந்த தொகையையே எடுக்க வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் வாங்கி விற்கும் சரக்குக்கு மட்டும். பாதி முடிந்த உற்பத்திப் பொருள்களில் கூலியும் மேற்செலவும் அடக்கத்தில் சேர்வதால் கொள்முதல் ஏடு மட்டும் போதாது. அத்தகைய இருப்பை இந்த முறையில் மதிப்பிட்ட அனுபவம் எனக்குக் குறைவு.