ஒரே பெடியன், இரண்டு கடிதம்

சீனன்குடாப் பக்கத்து ஆலை ஒன்றில் உற்பத்திப் பயிலுநர் வேலைக்கு என் மருமகன் இரண்டு விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். இயந்திரவியல் டிப்ளோமா முடித்துச் சில மாதம்தான்.

முதலாவதில் "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவன்" என்று இருந்தது. பதவியின் பெயரை மாற்றினால் கணக்காளர் வேலைக்கும் அதையே அனுப்பலாம்.

இரண்டாவதில் ஒரு சம்பவம். தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் கொன்வேயர் ஒன்றின் 6205 பெயரிங் அடிக்கடி போனதாம். புதிதைப் போடமுன் இவன் மைக்ரோமீற்றரால் சாஃப்டை அளந்திருக்கிறான்: 24.94 மி.மீ. அந்தப் பெயரிங்கின் உள்விட்டமோ 25 மி.மீ. சாஃப்ட் தேய்ந்ததால் உள்வளையம் அதன்மேல் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. பெயரிங்கை மட்டும் மாற்றினால் திரும்பவும் அதே கதைதான். அளந்து பார்க்கிற பெடியன் என்பது மேற்பார்வையாளருக்கு இந்த நாலு வரியிலேயே விளங்கிவிடும்.

இதைத்தான் அனுப்பச் சொன்னேன், ஒரு திருத்தத்தோடு. "சாஃப்டைச் சரிசெய்தேன்" என்று எழுதியிருந்தான்.

"நீயா வெல்ட் பண்ணிக் கடைஞ்சனி?"

"இல்லை மாமா, டெக்னீஷியன். நான் பக்கத்தில நிண்டனான்."

"அளந்து அறிவித்தேன், திருத்தும்போது உதவினேன்" என்று மாற்றினோம். நேர்முகத்தில் எந்த எலக்ட்ரோட் என்று கேட்டால் முழிக்கத்தானே வேணும்! முதற்கடிதத்திலிருந்து எடுத்தது ஒரே வரி: இரவு ஷிப்டுக்கும் வரத் தயார்.