14-ஆ, 21-ஆ? நிக்கொட்டின் பட்ச் தெரிவில் இரண்டு கேள்விகள்

புகைப்பதை விடத் தோலில் ஒட்டும் 24 மணிநேர நிக்கொட்டின் பட்சின் கணக்கு பார்க்க எளிது. நாளுக்கு 10 சிகரட்டுக்கு மேல் என்றால் 21 மில்லிகிராமில் 6 கிழமை, பிறகு 14-இல் 2, 7-இல் 2. பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-இல் 6 கிழமை, 7-இல் 2. மருந்துக்கடைக் கவுண்டரில் நெடுநாள் பார்த்ததில், இதில் பிழை வரும் இடம் முதல் கேள்வியான எண்ணிக்கைதான்.

யாழ்ப்பாணத்தில் பலர் பெட்டியாக வாங்குவதில்லை, கடையில் ஒவ்வொன்றாகத்தான். "ஒரு ஏழெட்டு வரும்" என்பார்கள். விலை கூடியதால் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் அடிவரை, ஆழ இழுப்பார்கள். சுருட்டும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் அந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தனியாகக் கேட்கவேண்டும்.

ஆகவே இரண்டாவது கேள்விக்குத்தான் கூடுதல் மதிப்பு: "அண்ணை, எழும்பி எத்தனை நிமிசத்தில முதலாவதைப் பத்துவியள்?" "காலமைதான்" என்ற பதில் உதவாது. "தேத்தண்ணிக்கு முதலோ, பிறகோ?" என்று கேட்டால் நிமிடம் தானாக வரும். இரவு வேலைக்காரருக்குக் காலைநேரம் அல்ல, விழித்த நேரம்தான் கணக்கு. இரவு முழுக்க நிக்கொட்டின் இறங்கியபின் உடல் எவ்வளவு பொறுக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

நாளுக்கு 8 சிகரட், முதலாவது எழும்பி 5 நிமிடத்துக்குள், பிளேன்ரீக்கும் முதல் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைப்போம். இந்த இரண்டு கேள்விக்கும் புள்ளி போடும் புகைப்பழக்கச் சுட்டியில் நாளுக்கு 10 வரை 0 புள்ளி, முதலாவது 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி. மொத்தம் 6-இல் 3, நடுத்தரச் சார்பு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து 14 கொடுத்து அனுப்பினால், மூன்றாம் நாள் காலையிலேயே பழையபடி பத்தவைப்பார். 14-ஐ வைத்துக்கொண்டு, அவாவுக்கு 4 மில்லிகிராம் நிக்கொட்டின் சுயிங்கமும் சேர்ப்பதே சரியான தொடக்கம். விழித்து 30 நிமிடத்துக்குள் பத்தவைப்பவருக்கு 2 அல்ல, 4 என்பதே சுயிங்கத்தின் விதி.

நாலைந்து நாளில் திரும்பப் பார்க்கவேண்டும். எரிச்சல், நித்திரைக் குழப்பம், சுயிங்கம் கட்டுக்கடங்காமல் போவது எல்லாம் அளவு போதாததன் அடையாளம்; 21-க்கு மாறுவதை வைத்தியருடன் பேசலாம். குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, குளிர்வியர்வை என்றால் அளவு கூடிவிட்டது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி, 18 வயதுக்குக் குறைந்தவர் ஆகியோரை முதலிலேயே வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

கனவுத் தொல்லை என்று சிலர் படுக்கமுன் பட்சைக் கழற்றுவார்கள். அது சரிதான். ஆனால் புதியதை ஒட்டி அளவு ஏறச் சில மணிநேரம் எடுக்கும். எழும்பியவுடன் பத்தவைப்பவருக்கு அந்த இடைவெளிதான் ஆபத்து; அவர் கழற்றினால் தலைமாட்டில் சுயிங்கம் இருக்கவேண்டும்.

அளவு சரியாயிருந்தும் வேலை செய்யவில்லையென்றால் தோளைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பூசிய தோலில் பட்ச் ஒட்டாது. மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பியிருக்கும்.